அம்மம்மாவின் போன்: பெரிய எழுத்து, முன் கமெரா, வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வீடியோ கோல்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள வீடுகளில் பெரும்பாலும் ஒரு நல்ல போன் இருக்கும். மகன் கனடாவிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்திருப்பார், போவதற்கு முன் வட்ஸ்அப்பும் போட்டுக் கொடுத்திருப்பார். அப்படியிருந்தும் கோல் வரும்போது அம்மம்மாவால் அதை எடுக்க முடிவதில்லை. எடுத்தாலும் மறுபக்கத்தில் தெரிவது மின்விசிறியும் நெற்றியும்தான். இந்த வழிகாட்டி அந்த அம்மம்மாவுக்காகவே. முதலில் எழுத்தைப் பெரிதாக்குவோம், அடுத்து வருகிற கோலை எடுக்கப் பழகுவோம், அதற்குப் பிறகு முகம் சரியாகத் தெரியும்படி கமெராவை வைப்போம். நாங்களாகக் கோல் எடுப்பது கடைசியில்தான் வரும். மற்றவர்கள் எடுக்கும் கோலைத் தடுமாறாமல் எடுக்கத் தெரிந்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும் என்பதால் இந்த வரிசை.

பேரப்பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இதை வாசித்துச் சொல்லட்டும். ஆனால் போனைத் தொடுகிற விரல் உங்களுடையதாக மட்டும் இருக்கட்டும். மற்றவர் கையில் வாங்கிச் செய்து கொடுத்தால் அந்த இடம் உங்கள் விரலுக்கு எப்போதும் தெரியவராது.

உதாரணத்துக்கு எங்கள் ஒழுங்கையில் தொடர்மாடி ஒன்றில் தனியாக இருக்கும் ஓர் அம்மம்மாவையே எடுத்துக்கொள்கிறேன். மகன் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மகள் லண்டனில், பெறாமகள் சிட்னியில். கையில் இருப்பது சாம்சங் A வரிசைப் போன். வேறு போன் என்றால் பெயர்கள் சற்று மாறலாம், ஆனால் தேட வேண்டிய இடங்கள் ஏறக்குறைய இவைதான்.

எழுத்தைப் பெரிதாக்குதல்

பல்லுச்சக்கரப் படம் உள்ள Settings என்பதைத் திறந்து, கீழே தள்ளி Display என்பதைத் தொடுங்கள். அதற்குள் Font size and style இருக்கும். அதில் ஒரு கோடும் அதன் மேல் ஒரு புள்ளியும் தெரியும். புள்ளியை வலப்பக்கம் இழுக்க இழுக்க எழுத்து பெரிதாகும். அங்கேயே Bold font என்பதையும் போட்டுவிடுங்கள். கண்ணில் வெள்ளை படரத் தொடங்கியவர்களுக்கு எழுத்தின் அளவோடு தடிப்பும் உதவும்.

புள்ளியைக் கடைசி வரைக்கும் இழுக்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்து அளவுக்கு மீறிப் பெரிதானால் சொல் பாதியில் வெட்டுப்படும், சில வேளை தொட வேண்டிய பொத்தானே திரைக்குக் கீழே போய்விடும். கடைசிக்கு ஒன்றிரண்டு படி முன்னால் நிறுத்தி, வட்ஸ்அப்பைத் திறந்து மகனின் பெயர் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்டால் ஒரு படி குறையுங்கள்.

இதே Display பக்கத்தில் Screen zoom என்று இன்னொன்று உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. Font size எழுத்தை மட்டும் பெரிதாக்கும். Screen zoom படங்களையும் பொத்தான்களையும் சேர்த்துப் பெரிதாக்கும். விரல் நடுங்குகிறவர்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். எங்கள் ஒழுங்கை அம்மம்மாவுக்கு எழுத்தைக் கொஞ்சம் குறைத்து இதை முழுதாகக் கூட்டிய பிறகுதான் விரல் சரியான இடத்தில் விழத் தொடங்கியது.

வட்ஸ்அப்புக்குள் தனியாக ஓர் எழுத்தளவு இருக்கிறது. மேலே வலப்பக்க மூன்று புள்ளிகளைத் தொட்டு Settings, Chats, Font size என்று போய் Large என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பேரப்பிள்ளை அனுப்பும் செய்திகள் இதனால்தான் பெரிதாகும்.

இன்னும் இரண்டு இடங்களை இன்றே மாற்றிவிடுங்கள். முதலாவது Display பக்கத்தில் உள்ள Screen timeout. புதுப் போனில் இது அரை நிமிடமாக இருக்கும். கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் திரை அணைந்துவிடும். ஐந்து நிமிடமாக்குங்கள். இரண்டாவது Settings, Accessibility, Interaction and dexterity என்று போனால் வரும் Touch and hold delay. வயதானவர்கள் பொத்தானை மெதுவாக, அழுத்தமாகத் தொடுவார்கள். போன் அதை "தொட்டுப் பிடித்ததாக" எடுத்துக்கொண்டு, கேட்காத ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து காட்டும். "நான் தொட்டா வேற என்னவோ வருது" என்று சொல்கிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். Long என்று மாற்றினால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

தொட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் விரல் நுனி உலர்ந்திருக்கலாம், அல்லது நகம் படுகிறது. விரலின் சதைப் பகுதியால் தொடுங்கள். கை மிகவும் உலர்ந்தவர்கள் கொஞ்சம் கிறீம் பூசித் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்க்கலாம். தடித்த கண்ணாடி ஒட்டிய போன் என்றால் Display பக்கத்தில் Touch sensitivity என்பதைப் போட்டுவிடுங்கள்.

சாம்சங்கில் Easy mode என்ற ஒன்றும் இருக்கிறது. ஒரே தொடலில் எல்லாவற்றையும் பெரிதாக்கித் தரும். ஆனால் முன்பக்கத்தின் அமைப்பையே அது மாற்றிவிடும். போனைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நல்லது. இருக்கும் இடங்களை ஏற்கெனவே பழகியவருக்கு நான் அதைப் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

வருகிற கோலை எடுத்தல்

வீடியோ கோல் வரும்போது போன் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து திரை வேறு வேறாகத் தெரியும். இதைச் சொல்லிக் கொடுக்காததால்தான் "நேற்று எடுக்க முடிஞ்சது, இண்டைக்கு முடியேல்ல" என்ற குழப்பம் வருகிறது.

போன் மேசையில் திரை அணைந்து கிடக்கும்போது கோல் வந்தால் திரை முழுவதும் அழைப்பவரின் பெயர் தெரியும், கீழே ஒரு பச்சை வட்டம் இருக்கும். அதைத் தொட்டால் மட்டும் போதாது. விரலை அதன் மேல் வைத்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். நீங்கள் போனில் செய்தி வாசித்துக்கொண்டோ படம் பார்த்துக்கொண்டோ இருக்கும்போது கோல் வந்தால் அந்த வட்டம் வராது. திரையின் மேல் விளிம்பில் ஒரு சிறு பட்டை இறங்கும். அதில் சிவப்பில் Decline, பச்சையில் Answer என்று இருக்கும். இங்கே இழுக்கக் கூடாது, பச்சையை ஒருமுறை தொட வேண்டும். இழுத்தால் பட்டை மேலே மறைந்துவிடும்.

ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பழக வேண்டும். வீட்டில் உள்ள ஒருவர் அடுத்த அறைக்குப் போய் வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுக்கட்டும். முதலில் போனின் திரையை அணைத்து வைத்துவிட்டு எடுங்கள். பிறகு போனில் ஏதாவது திறந்து வைத்திருக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள். யோசிக்காமல் கை தானாகப் போகும் வரை இதைச் செய்யுங்கள். கனடாவிலிருந்து வரும் உண்மையான கோலில் பழகத் தொடங்கினால் பதற்றம்தான் மிஞ்சும்.

முதல் வீடியோ கோலில் கமெராவையும் மைக்கையும் பயன்படுத்தலாமா என்று போன் கேட்கும். While using the app என்பதைத் தொடுங்கள். பயந்து Don't allow என்பதை இரண்டு தடவை தொட்டுவிட்டால் போன் அதற்குப் பிறகு கேட்கவே கேட்காது. உங்கள் முகம் அவர்களுக்குக் கறுப்பாகவே இருக்கும். அப்படி ஆகியிருந்தால் Settings, Apps, WhatsApp, Permissions என்று போய் Camera, Microphone இரண்டையும் அனுமதித்துவிடுங்கள்.

இன்னொரு குறை இருக்கிறது. கோல் வந்ததே தெரியாது, மாலையில் வட்ஸ்அப்பைத் திறந்தால்தான் மகளின் தவறிய அழைப்புகள் வரிசையாகத் தெரியும். மணி சத்தம் கூட்டித்தான் இருக்கிறது, வைஃபையும் இருக்கிறது. இப்படியென்றால் பெரும்பாலும் பேட்டரியைச் சேமிப்பதற்காகப் போன் வட்ஸ்அப்பைத் தூங்க வைத்திருக்கிறது. Settings, Apps, WhatsApp, Battery என்று போய் Unrestricted என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மணி சத்தத்தை Settings, Sounds and vibration பக்கத்தில் கூட்டுங்கள். கதைக்கும்போது கேட்கும் குரலின் சத்தம் அதிலிருந்து வேறானது. அதைக் கோல் நடக்கும்போதுதான் போனின் பக்கப் பொத்தானால் கூட்ட முடியும்.

முன் கமெராவும் முகமும்

போனின் முகப்பில், திரையின் மேல் விளிம்பு நடுவில், மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும். சில போன்களில் நீர்த்துளி போல ஒரு வளைவுக்குள் இருக்கும். அதுதான் முன் கமெரா. பேத்தி உங்களைப் பார்ப்பது அந்தப் புள்ளி வழியாகத்தான். முதலில் அதை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். காதில் வைத்துக் கதைக்கும் போனில் கன்னத்து எண்ணெயும் பவுடரும் படிந்திருக்கும். பனி மூடியது போலத் தெரிகிறது என்று பிள்ளைகள் சொன்னால் பத்தில் ஒன்பது தடவை துடைத்தாலே தீரும். துடைத்தும் மங்கல் போகவில்லை என்றால், ஒட்டிய கண்ணாடி அந்தப் புள்ளியை மறைத்தபடி விலகி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கோல் எடுக்காமலே முகத்தை ஒத்திகை பார்க்கலாம். Camera என்பதைத் திறந்து, கீழே இரண்டு அம்புகள் சுற்றி வரும் படத்தைத் தொட்டால் உங்கள் முகம் தெரியும். இனிப் போனை எங்கே வைக்கலாம் என்று தேடுவோம்.

கையில் பிடித்துக் கதைப்பதை நான் விரும்புவதில்லை. சில நிமிடத்தில் கை சோர்ந்து போன் மடிக்கு இறங்கும். கமெரா கீழிருந்து மேலே பார்க்கும். அப்போதுதான் நாடியும் மின்விசிறியும் மட்டும் தெரியும். சாப்பாட்டு மேசையில் இரண்டு மூன்று தடித்த புத்தகங்களையோ பிஸ்கட் டின்னையோ வைத்து அதன் மேல் போனைச் சாய்த்து நிறுத்துங்கள். வழுக்காமல் இருக்க அடியில் ஒரு துவாயை மடித்து வையுங்கள். கறுப்புப் புள்ளி உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். முகத்துக்கும் போனுக்கும் இடையில் ஒரு முழம், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. திரையில் உங்கள் தலைக்கு மேல் இரண்டு விரல் இடமும் கீழே தோளும் தெரிந்தால் சரி.

அடுத்தது வெளிச்சம். யன்னல் உங்கள் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் இருந்தால் கமெரா யன்னல் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு மேற்கு வெயில் நேராக உள்ளே வரும். கடல் தெரியட்டும் என்று யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் பிள்ளைகளுக்கு உங்கள் உருவம் நிழலாகத்தான் தெரியும். கதிரையை மற்றப் பக்கம் திருப்புங்கள். கண் கூசினால் மெல்லிய திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். இரவில் கூரை விளக்கு மூக்குக்கண்ணாடியில் பட்டு மின்னி கண்ணை மறைத்தால், விளக்குக்கு நேர் கீழே இருக்காமல் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்துங்கள். ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டுத் தொடருங்கள். மேசை மின்விசிறி போனைப் பார்த்து வீசினால் மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும், அதைத் திருப்பி வையுங்கள்.

கோல் நடக்கும்போது திரை முழுவதும் அவர்கள் இருப்பார்கள். மூலையில் ஒரு சிறு பெட்டியில் நீங்கள் இருப்பீர்கள். அவர்கள் பார்ப்பது அந்தப் பெட்டியில் உள்ளதைத்தான். அதில் உங்கள் முகத்துக்குப் பதிலாகச் சுவரோ தரையோ தெரிந்தால் கமெரா பின்பக்கத்துக்கு மாறியிருக்கிறது. திரையின் நடுவில் ஒருமுறை தொட்டால் பொத்தான்கள் வரும். சுற்றும் அம்புகள் உள்ள பொத்தானைத் தொட்டால் முகம் திரும்பி வந்துவிடும். இதே பொத்தானை வைத்து முற்றத்துச் செவ்வரத்தையையோ அடுப்பில் கொதிக்கும் கூழையோ பிள்ளைகளுக்குக் காட்டலாம். பெட்டியே கறுப்பாக இருந்தால் கமெராப் படத்தின் மேல் கோடு விழுந்திருக்கும். அதைத் தொட்டு விடுங்கள்.

சிறு பெட்டியில் உங்களைக் கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் காண்பீர்கள். ஒரு கடிதத்தைத் தூக்கிக் காட்டினால் எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அவர்களுக்கு அது நேராகத்தான் தெரிகிறது.

ஒரே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். சரியாகக் கேட்கவில்லை என்றால் கை தானாகப் போனைக் காதுக்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் அவர்களுக்குக் காது மட்டும்தான் தெரியும். போனை அசைக்காமல் பக்கப் பொத்தானால் சத்தத்தைக் கூட்டுங்கள். அதுவும் போதாதவர்களுக்கு, கம்பியுள்ள சாதாரண இயர்போன், போனில் துளை இருந்தால், மிக நல்லது. சார்ஜ் போட வேண்டியதில்லை, தொலைவதும் இல்லை.

பிள்ளைகளுக்கு நீங்களே கோல் எடுத்தல்

பெயர்களைச் சேமிக்கும்போது நாட்டுக் குறியீடு முக்கியம். கனடாவுக்கு +1, இங்கிலாந்துக்கு +44, அவுஸ்திரேலியாவுக்கு +61. இங்கிலாந்து, அவுஸ்திரேலிய எண்கள் அங்கே பூச்சியத்தில் தொடங்கும். குறியீடு போட்டால் அந்தப் பூச்சியத்தை விட்டுவிட வேண்டும். எண்ணைச் சேமித்தும் வட்ஸ்அப்பில் மகள் தெரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

பிறகு ஒவ்வொருவரையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவருவோம். வட்ஸ்அப்பில் மகனின் பக்கத்தைத் திறந்து, மேலே மூன்று புள்ளிகள், More, Add shortcut. இனி முன்பக்கத்தில் மகனின் படம் இருக்கும். அதைத் தொட்டால் நேராக அவர் பக்கம் திறக்கும். மேலே உள்ள வீடியோக் கமெராப் படத்தைத் தொட்டால் கோல் போகும். சில போன்களில் குரலா வீடியோவா என்று ஒருமுறை கேட்கும். முன்பக்கத்தில் மூன்று முகங்கள் போதும். மற்றவற்றை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

எப்போது எடுப்பது? இலங்கையில் நேரம் மாறுவதில்லை. அங்கே வருடத்துக்கு இரண்டு முறை மாறும். கொழும்பில் ஞாயிறு மாலை ஆறு மணி என்றால், ஜூலை மாதத்தில் ரொறன்ரோவில் அன்று காலை 8:30, லண்டனில் பகல் 1:30, சிட்னியில் இரவு 10:30. ஜனவரியில் அதே ஆறு மணிக்கு ரொறன்ரோவில் காலை 7:30, லண்டனில் 12:30, சிட்னியில் இரவு 11:30. எல்லோரும் ஒன்றாகப் பேச ஞாயிறு மாலை ஆறு மணி நல்ல நேரம். சிட்னி மட்டும் கொஞ்சம் பிந்தி நித்திரைக்குப் போக வேண்டும். லண்டன் மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று மாறும். ரொறன்ரோ மார்ச்சில் இரண்டாவது ஞாயிறும் நவம்பரில் முதல் ஞாயிறும் மாறும். அதனால் இடையில் சில கிழமைகள் இரண்டு ஊர்க் கணக்கும் வழக்கத்துக்கு ஒத்துவராது. Clock என்பதைத் திறந்து World clock பகுதியில் மூன்று ஊர்களையும் சேர்த்துவிட்டால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

கோல் நடுவில் நின்றால்

திரையில் Reconnecting என்று வந்தால் ஒன்றையும் தொடாமல் கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் தானாக வந்துவிடும். திரும்பத் திரும்ப நின்றால் வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் பேசுங்கள். கரண்ட் போனால் வைஃபை ரவுட்டரும் நின்றுவிடும். அப்போது போனின் மேல் விளிம்பிலிருந்து கீழே இழுத்து Mobile data என்பதைப் போட்டால் பேச்சைத் தொடரலாம். அதற்காக எப்போதும் கொஞ்சம் டேட்டா ரீலோட் செய்து வைத்திருங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது வேறெதையோ தொட்டு, மகனின் முகம் ஒரு சிறு பெட்டியாகச் சுருங்கிவிடலாம். கோல் நிற்கவில்லை. அந்தப் பெட்டியைத் தொட்டால் பழையபடி பெரிதாகும்.

தெரியாதவர்கள்

வட்ஸ்அப்பில் Settings, Privacy, Calls என்று போய் Silence unknown callers என்பதைப் போட்டுவிடுங்கள். சேமிக்காத எண்ணிலிருந்து கோல் வந்தால் மணி அடிக்காது. அழைப்புப் பட்டியலிலும் அறிவிப்பிலும் மட்டும் தெரியும். பிள்ளைகள் புது எண்ணுக்கு மாறினால் அதை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்களின் கோலும் சத்தமில்லாமல் போய்விடும்.

போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்து, "அதைச் சொல்லுங்கோ, தவறுதலா உங்களுக்கு அனுப்பிட்டன்" என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, உறவினரின் படத்தோடு வந்த செய்தியானாலும் சொல்லக் கூடாது. அந்த எண்ணை வைத்து உங்கள் வட்ஸ்அப் கணக்கையே எடுத்துவிடுவார்கள்.

வீடியோ கோலில் உங்கள் திரையை மறுபக்கத்துக்குக் காட்டும் வசதியும் உண்டு. போனில் ஏதாவது குழம்பினால் ஸ்காபரோ மகன் அதைப் பார்த்து "அம்மா, கீழ இருக்கிற இரண்டாவதைத் தொடுங்கோ" என்று வழி சொல்லலாம். கோல் நடக்கும்போது பொத்தான்களில் Share screen என்பதைத் தேடுங்கள். மகனோ மகளோ அல்லாத எவர் கேட்டாலும் அதைத் தொடாதீர்கள். வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று சொன்னால், கோலை நிறுத்திவிட்டு வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.